அப்பாவை இழந்த இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு விளையாட்டுச் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் பள்ளி ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. பதில்கள் ஒரே குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டுள்ளன. அவளுக்கு 7 வயது, தமிழ் வழியில் இரண்டாம் வகுப்பு. லாரி ஓட்டிய அப்பா மூன்று மாதத்துக்கு முன் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அம்மா கம்பெனி வேனில் கோயமுத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போகிறார். பகலில் பார்த்துக்கொள்வது அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. இப்படி ஒரு தனிக்குழந்தை இல்லை. பல குழந்தைகளிடம் பார்ப்பதை ஒன்றாகச் சேர்த்த உதாரணம்தான் இவள். இந்தச் சிகிச்சையில் குழந்தை தன் துக்கத்தை விளையாட்டில் சொல்கிறது, சிகிச்சையாளர் கூடவே இருந்து கவனிக்கிறார்.

சாவு வீட்டிலேயே ஓடிப்பிடிச்சு விளையாடினவ. இவளுக்கு எதுக்குச் சிகிச்சை?

விளையாடியது கவலைக்குரிய விஷயமே அல்ல. ஏழு வயதுக் குழந்தையால் துக்கத்தை நெடுநேரம் தாங்க முடியாது. பத்து நிமிடம் அழும், பிறகு எழுந்து போய் விளையாடும், ராத்திரி திடீரென்று மறுபடி கேட்கும். பெற்றவரை இழந்த எல்லாக் குழந்தைக்கும் சிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. உண்மையைச் சொல்கிற வீடும், மாறாத சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும், பேசினால் காது கொடுக்கிற ஒரு பெரியவரும் இருந்தால் பலர் மெல்லத் தேறிவிடுகிறார்கள்.

இந்தக் குழந்தையை அழைத்து வரச் சொல்வதற்குக் காரணம் வேறு. பள்ளி உள்ள நாள் காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது. டாக்டர் பார்த்து உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் நின்றிருந்தது, இப்போது திரும்பிவிட்டது. அம்மா வேன் ஏறும்போது சேலையை விடுவதில்லை. ஒவ்வொன்றும் தனியாக ஒரு வாரம் வந்து போனால் பொறுத்துப் பார்க்கலாம். மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்து, பள்ளியும் தூக்கமும் கெடுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்.

அப்பா தவறிட்டாருன்னு சொல்லியாச்சுங்க. இதுக்கு மேல என்ன சொல்லணும்?

அந்தச் சொல்லில்தான் சிக்கல். "தவறிட்டார்" என்றால் பெரியவர்களுக்குப் புரியும். குழந்தைக்குத் தெரிந்த "தவறு" கணக்கு நோட்டில் வருவது. அப்பா என்ன தப்புப் பண்ணினார் என்று அது யோசிக்கும். "சாமிகிட்டப் போயிட்டார்" என்றால் கோயிலுக்குப் போனவர் போல எப்போது வருவார் என்று கேட்கும். "தூங்கறார்" என்று சொல்லப்பட்ட குழந்தை தானும் தூங்கப் பயப்படும். அம்மா தூங்கும்போது எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும்.

எல்லைப்பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டில் "தவறிட்டார்", பள்ளியில் மலையாளம் பேசும் பிள்ளைகள் "அச்சன் மரிச்சு போயி". இரண்டும் ஒன்றுதான் என்று குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஒரு அப்பா எங்கோ போயிருக்கிறார், பள்ளியில் ஒரு அப்பா இறந்திருக்கிறார் என்று இரண்டு கதையைத் தலையில் வைத்துக்கொண்டு அது நடமாடும்.

சொல்ல வேண்டியது ஐந்து வரி: "அப்பா செத்துட்டாங்க, கண்ணு. செத்துட்டா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விடாது, வலிக்காது, பசிக்காது, குளிராது. அப்பா திரும்பி வர மாட்டாங்க. லாரி மழையில வழுக்கிக் கவுந்ததாலதான் இப்படி ஆச்சு." "செத்து" என்ற சொல் வாயில் வராது என்றால் "இறந்துட்டாங்க" என்று சொல்லுங்கள்; ஆனால் பொருளை உடனே விளக்கிவிடுங்கள். "ஸ்கூல்ல மரிச்சுன்னு சொல்றது இதைத்தான்" என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது. அதே கேள்வி பத்து முறை வரும். பத்து முறையும் பதில் மாறாமல் இருக்க வேண்டும். வீட்டில் இந்தப் பேச்சு நடக்காத வரை, விளையாட்டு அறையில் செய்கிற வேலை பாதி வீணாகும்.

அந்த ரூம்ல என்னென்ன வெச்சிருப்பாங்க?

பொம்மைக் கடை போல இருக்காது. மூன்று பேர் வரிசையாகப் படுக்கக்கூடிய அளவு இடம், தாழ்வான அலமாரி, பாய், மண் தட்டு. தட்டு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் ஆழம். உள்பக்கம் நீல வண்ணம். மண்ணை விலக்கினால் தண்ணீர் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. பாதி ஆழத்துக்கு மண் நிரப்ப 18 முதல் 20 கிலோ வேண்டும். சலித்து, கழுவி, வெயிலில் காய வைத்த ஆற்று மணல் நல்லது. எம்சாண்ட் வேண்டாம், தூசி பறக்கும், விரல் நுனியைக் கீறும்.

மற்றவை: தாத்தா, பாட்டி, சித்தப்பா வரை உள்ள குடும்பப் பொம்மைகள், லாரி, பஸ், ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப், டாக்டர் பெட்டி, பேன்டேஜ் துணி, சொப்புச் சாமான், இரண்டு விளையாட்டு போன், பாம்பு, புலி, மாடு, களிமண், கிரேயான், வெள்ளைத் தாள், கைப்பொம்மை, ஒரு போர்வை. போன் இரண்டு ஏன் என்றால், குழந்தை ஒன்றில் பேசும்போது இன்னொன்றை நம் கையில் கொடுக்கும். பூமாலை, சின்ன அகல் விளக்கு ஆகியவையும் இருக்க வேண்டும். இங்கே குழந்தைகள் பார்த்த சாவில் அவை இருந்தன. வெளியூர்ப் பட்டியலைப் பார்த்து வாங்கினால் இவை விட்டுப்போகும். பேட்டரியில் பாடும் பொம்மைகளும் செல்போனும் கூடாது. அவை இருந்தால் குழந்தை விளையாடாது, வேடிக்கை பார்க்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பொருளும் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். திடீரென்று ஒருவரைப் பறிகொடுத்த குழந்தைக்கு, ஆம்புலன்ஸ் அலமாரியின் அதே மூலையில் இருப்பதே ஒரு செய்தி.

ஒரு நாள் வந்தா 45 நிமிஷத்துல என்னதான் நடக்கும்?

நான்காவது அமர்வை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்றும் பழகுவதில் போயிருக்கும்.

முதல் 5 நிமிடம் வாசலில் தொடங்குகிறது. அம்மாயி வெளியே எந்த நாற்காலியில் உட்காருவார் என்று குழந்தைக்குக் காட்டப்படும்; 45 நிமிடமும் அவர் அங்கிருந்து எழக்கூடாது. கடைக்குப் போய் வந்தால் அன்றைய வேலை கெட்டது. உள்ளே வந்ததும் ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியம்: "இது நம்ம விளையாட்டு ரூம். இங்க உனக்குப் பிடிச்ச மாதிரி விளையாடலாம். முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் சொல்லுவேன்."

அடுத்த 35 நிமிடம் குழந்தை முன்னால் போகும், சிகிச்சையாளர் பின்னால் போவார். அவள் லாரியை மண் மேட்டில் ஏற்றுகிறாள். லாரி கவிழ்கிறது. மண்ணைப் போட்டு மூடுகிறாள். எடுக்கிறாள், மறுபடி ஏற்றுகிறாள், மறுபடி கவிழ்கிறது. மூன்றாவது தடவை ஆம்புலன்ஸ் புறப்படுகிறது, வழியிலேயே நின்றுவிடுகிறது.

சிகிச்சையாளர் அருகே தரையில் உட்கார்ந்து, கண்டதையும் உணர்ந்ததையும் மட்டும் சொல்கிறார். "லாரி மறுபடியும் கவுந்துடுச்சு." சற்றுப் பொறுத்து, "ஆம்புலன்ஸ் வரவே மாட்டேங்குது. உள்ளே இருக்கறவங்க காத்துட்டே இருக்காங்க." குழந்தை, "லேட்டு. எப்பவும் லேட்டு" என்கிறாள். "எப்பவும் லேட்டு. கோபமா வருது." அவ்வளவுதான்.

இங்கே செய்யப்படும் தவறுகள் மூன்று. முதலாவது, "இது அப்பாவோட லாரியா கண்ணு?" என்று கேட்பது. அது லாரியாக இருக்கும் வரைதான் அவளால் அதைத் தொட முடியும். அப்பா என்று பெயர் வைத்த நொடியில் பெரும்பாலும் எழுந்து சொப்புச் சாமானுக்குப் போய்விடுவாள். இரண்டாவது, சிகிச்சையாளர் தாங்க மாட்டாமல் ஆம்புலன்ஸைத் தானே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பது. நல்ல மனதுடன்தான் செய்வார்கள். ஆனால் உதவி வராத வேதனையைச் சொல்ல வந்த குழந்தையின் வாயை அது அடைத்துவிடும். மூன்றாவது, "சூப்பர், அழகா விளையாடறே!" என்ற பாராட்டு. அதன் பிறகு அவள் டீச்சருக்குப் பிடித்த விளையாட்டைத்தான் விளையாடுவாள். (எவ்வளவு திருத்தினாலும் இந்தப் பக்கத்துக் குழந்தைகள் சிகிச்சையாளரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதனாலேயே பாராட்டில் இரட்டைக் கவனம் வேண்டும்.)

40-வது நிமிடத்தில், "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." 45 ஆனதும் எழுந்து நின்று, "இன்னிக்கு நேரம் முடிஞ்சுது. அடுத்த செவ்வாக்கிழமை வரலாம்." லாரி மண்ணுக்குள் கிடந்தால் அப்படியே கிடக்கட்டும். குழந்தையை அடுக்கி வைக்கச் சொல்லக்கூடாது. சொன்னதை அழித்துவிட்டுப் போ என்பது போல ஆகிவிடும். அவள் போன பிறகு சிகிச்சையாளர் அடுக்குவார். உடனே பத்து நிமிடத்தில் குறிப்பு: என்ன விளையாட்டு, குழந்தை சொன்ன சொல் அப்படியே, முகம் எப்படி இருந்தது, போன வாரத்திலிருந்து எது மாறியது. மாலையில் எழுதினால் குழந்தையின் சொல் போய் எழுதுகிறவரின் சொல் வந்துவிடும்.

ஐந்தாவது அமர்விலிருந்து நடுவில் 10 நிமிடம் மட்டும் ஒரு வேலையை முன்வைக்கலாம். தாளை நாலு கட்டமாக மடித்து, முன்னே, அன்னிக்கு, அப்புறம், இப்போ என்று நாலு படம் வரையச் சொல்வது நன்றாகப் போகும். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மூணு வாரமா அதே லாரியைத்தான் கவுக்கறா. நிறுத்த வேண்டாமா?

திரும்பச் செய்வதாலேயே கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியது ஏதாவது நகர்கிறதா என்பதைத்தான். முதல் வாரம் லாரி மட்டும், அடுத்து ஆம்புலன்ஸ், பிறகு போலீஸ் ஜீப் வந்து கூட்டத்தை விலக்குகிறது, ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தும் டிரைவர் பிழைக்கவில்லை, பொம்மைக்கு மாலை போடுகிறாள். இது சரியான பாதை. விளையாடி முடித்தபின் மூச்சு இறங்கி, உடம்பு தளர்ந்திருக்கும்.

மாறாக, நாலு அமர்வாக ஒரு நூல் கூட மாறாமல், முகத்தில் ஒன்றும் இல்லாமல், முடிக்கும்போது தொடங்கியதைவிட உடம்பு இறுகிப்போயிருந்தால், குழந்தை சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது சிகிச்சையாளர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. விளையாட்டுக்கு உள்ளிருந்தே ஒரு சின்னக் கதவைத் திறக்கலாம்: "இந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கு இப்ப என்ன தெரிஞ்சா நல்லா இருக்கும்?" அதற்கும் அசையவில்லை என்றால், கெட்ட கனவும் லாரிச் சத்தத்துக்கு நடுங்குவதும் இருந்தால், அது துக்கம் மட்டும் அல்ல, விபத்தின் அதிர்ச்சி. அதிர்ச்சிக்கான சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும்.

மண்ணை அள்ளி மூஞ்சியில வீசறா. அதையும் விட்டுடுவீங்களா?

இல்லை. மூன்று படியாகத் தடை வரும். முதலில் உணர்வு, பிறகு எல்லை, பிறகு மாற்று: "உனக்கு ரொம்பக் கோபம். மண்ணு மூஞ்சியில வீசறதுக்கு இல்லை. அந்த மெத்தை மேல தலையணையை வீசலாம்." குரல் உயராது. மூன்றாவது தடவையும் வீசினால் அன்றைக்கு மண் தட்டு மூடப்படும், அமர்வு தொடரும்.

வெளியே வந்ததும் என்ன விளையாடினேன்னு கேக்கலாமுங்களா?

வேண்டாம். கேட்டால் அடுத்த வாரம் அம்மாயிக்குச் சொல்லத் தகுந்ததை மட்டும் விளையாடுவாள். தண்ணீர், தின்பதற்கு ஏதாவது, நேராக வீடு. தானாகச் சொன்னால் கேளுங்கள், அதன் மேல் கேள்வி போடாதீர்கள். சில வாரம் வீட்டில் கோபமும் அழுகையும் கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

உள்ளே என்ன சொன்னான்னு எங்ககிட்டச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?

போக்கைச் சொல்வோம், காட்சியைச் சொல்ல மாட்டோம். குழந்தைக்கு ஆபத்து, யாராவது தொந்தரவு செய்கிறார்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள் என்றால் மட்டும் உடனே, முழுதாகச் சொல்லப்படும். இந்த விதி முதல் நாளே அம்மாவுக்கும் குழந்தைக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும்.

நாலு அமர்வுக்கு ஒரு முறை அரை மணி நேரம், குழந்தை இல்லாமல். அம்மாவுடன் அம்மாயியும் வர வேண்டும். பகலில் குழந்தையோடு இருப்பவர் அவர்தான். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஏனுங்க, இந்த நாலு வாரமா பாப்பா விளையாட்டுல ரெண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருது. திடீர்னு ஒரு ஆபத்து. அப்புறம், உதவிக்கு வர வேண்டியவங்க நேரத்துக்கு வர்றதில்லை. சாயந்திரம் உங்க வேன் லேட்டாகற நாள்ல வீட்டில எப்படி இருக்கா?"

அம்மாயி: "வாசப்படியிலயே நிக்கறாளுங்க. சோறு எறங்கறதில்லை."

"அப்படின்னா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஒரு அட்டையில கடிகாரம் வரைஞ்சு, நீங்க வர்ற ஆறரை மணியைக் காட்டி மாட்டுங்க. லேட்டாகும்னு தெரிஞ்சா ஆறரைக்கு முன்னாடியே அம்மாயி போனுக்குக் கூப்பிட்டுப் பாப்பாகிட்டப் பேசுங்க. ஆறரை தாண்டிக் கூப்பிட்டா அதுல பிரயோஜனம் இல்லை."

ஒரு சந்திப்புக்கு ஒரு வேலைதான். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது. வேலைக்குப் போய் வந்து, தானும் துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் பட்டியலைக் கொடுப்பது தப்பு. "என்மேல கோபம்னு சொன்னாளா?" என்று அம்மா கேட்பார். "யார் மேலன்னு அவ பிரிச்சுச் சொல்லலைங்க. கோபம் இருக்கு, அது வெளியே வர்றது நல்லதுதான்" என்பது போதும். பிறகு அரைப் பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்று தமிழில் எழுதிக் கொடுக்கப்படும்: என்ன கவனித்தோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது சந்திப்பது. சிகிச்சையாளர் மலையாளத்தில் எழுதப் பழகியவராக இருந்தால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், யாரிடமும் கேட்க மாட்டார். வகுப்பாசிரியருக்குப் போவது இன்னும் குறைவு: வயிறு வலிக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார வைத்து, மறுபடி வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்பது மட்டும்.

சில நேரம் காட்சியையே சொல்லித்தான் ஆக வேண்டும். ஆறாவது அமர்வில் அவள் ஒரு பொம்மையின் வாயாக, "நாந்தான் போ, வராதேன்னு சொன்னேன்" என்கிறாள். விபத்து நடந்த காலையில் மிட்டாய்க்குச் சண்டை போட்டிருக்கிறாள். தன் சொல்தான் அப்பாவைக் கொன்றது என்று மூன்று மாதமாகச் சுமந்திருக்கிறாள். இந்த வயதில் இது அரிதல்ல. சிகிச்சையாளர், "பாப்பா போன்னு சொன்னதாலதான் லாரி கவுந்துதுன்னு இந்தப் பொம்மை நெனைக்குது" என்று அந்த இடத்தில் நிற்கிறார். முடியும் முன் கேட்கிறார்: "இதை அம்மா தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாமா?" குழந்தை "நீங்க" என்றால், அவள் அருகில் இருக்கும்போதே சொல்லப்படும்.

அம்மாவுக்கு முன்கூட்டியே பதில் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுதுகொண்டே "அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லிவிடுவார், குழந்தை அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியது: "நீ போன்னு சொன்னதால அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை, கண்ணு. ரோடு ஈரமா இருந்துச்சு, லாரி வழுக்குச்சு. கோபத்துல யார் என்ன சொன்னாலும் அதுக்கு லாரியைக் கவுக்கற பலம் இல்லை. நீ கோபப்பட்டது அப்பாவுக்குத் தெரியும், நீ அவங்க மேல ஆசையா இருந்ததும் தெரியும்."

"நானும் அப்பாகிட்டப் போறேன்"ங்கறா. பயமா இருக்கு.

இந்த வயதில் பெரும்பாலும் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். ஆனாலும் ஊகிக்காமல் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நெனைக்கறியா, அப்பாவைப் பார்க்கணும் போல இருக்கா? எப்படிப் போலாம்னு நெனைச்சே?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வழி எதையாவது சொன்னால், கிணறு, மாத்திரை, ரோடு என்று எதுவானாலும், அன்றே மருத்துவமனை மனநலப் பிரிவு, தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் 14416 எல்லா நேரமும் இயங்கும். குழந்தைக்கு யாரேனும் கொடுமை செய்வதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பார்க்க வேண்டும்.

எத்தனை வாரம் வரணும்? திடீர்னு நிறுத்திட்டா?

வாரம் ஒன்றாக 12 அமர்வு என்று தொடங்கி, ஆறாவதில் பார்த்துக் கூட்டிக் குறைப்பது நடைமுறை. வயிற்று வலி குறைந்ததும் நிறுத்திவிட நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சிகிச்சையாளரும் சொல்லாமல் காணாமல் போனவர் ஆகிவிடுவார். ஒன்பதாவது அமர்விலேயே, "இன்னும் மூணு தடவை வருவே" என்று சொல்லி, காகிதச் சங்கிலியில் மூன்று வளையம் மாட்டி, வாரம் ஒன்றை அவளே கிழிக்க வேண்டும். வராமல் போகிற கட்டாயம் வந்தாலும், விடைபெறுவதற்காக ஒரு முறையாவது அழைத்து வாருங்கள்.

கடைசி அமர்வில் அவள் செய்த செருப்பு டப்பா வீட்டுக்குப் போகும். அதில் அப்பாவின் துண்டு, சாவிக் கொத்து, நாலு கட்டப் படம். முதல் வருஷத் திதி வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு அமர்வு கூடுதலாகக் குறித்து வையுங்கள். படத்துக்கு மாலை போடும் நாளில் வயிற்று வலி திரும்புவது சகஜம். டப்பாவைப் பரண் மேல் வைக்காதீர்கள். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், அவள் கேட்காமலேயே திறக்கும்படி இருக்கட்டும்.